விடை சரிதான், மார்க் எங்கே போனது?

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவுப் பிள்ளைகளுக்கு,

அரையாண்டுக் கணக்குத் தாளைக் கொடுத்த நாளிலிருந்து இரண்டு கேள்விகள் ஓயாமல் வருகின்றன. ஒன்று, "மிஸ், விடை சரியாத்தானே இருக்கு, ஏன் ரெண்டு மார்க்?" இன்னொன்று அதற்கு நேர் எதிர். "மிஸ், அவளுக்கும் விடை தப்பு, எனக்கும் தப்பு. அவளுக்கு மட்டும் எப்படி நாலு?" இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னால் பாடம் நடத்த நேரமிருக்காது. அதனால் எழுதித் தருகிறேன். தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் எங்கே எவ்வளவு மார்க் இருக்கிறது என்று பாருங்கள். நம் பொதுத்தேர்வுக் கணக்குத் தாள் 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, இரண்டு மதிப்பெண் வினாக்கள் 10 எழுதவேண்டும். இரண்டையும் கூட்டினால் 34. மீதி 66 முழுவதும் நெடுவினாக்களில் இருக்கிறது. 29 முதல் 42 வரை உள்ள 14 வினாக்களில் 10 எழுதினால் 50. அதில் 42 கட்டாயம். பிறகு 43, 44 இரண்டும் எட்டு மதிப்பெண். ஒன்று செய்முறை வடிவியல், மற்றது வரைபடம். ஒரு மார்க் வினாவில் சரி, தப்பு என்ற இரண்டுதான் உண்டு. நெடுவினாவில் அப்படி இல்லை. விடை சரியாக இருந்தும் பாதியை இழக்கலாம், விடை தப்பாக இருந்தும் நாலு வாங்கலாம்.

திருத்தும் முகாமில் ஒவ்வோர் ஆசிரியர் கையிலும் விடைக்குறிப்பு இருக்கும். ஐந்து மார்க் வினாவுக்கு அதில் "விடை: 22%, 5 மதிப்பெண்" என்று இருக்காது. சூத்திரம், அட்டவணை, பிரதியிடுதல், விடை என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு மதிப்பெண் போட்டிருக்கும். உங்களை அறியாத ஓர் ஆசிரியர், ஒரு நாளில் எத்தனையோ தாள்களுக்கு நடுவே, அந்தக் குறிப்பில் உள்ளது உங்கள் தாளில் இருக்கிறதா என்று தேடுகிறார். இருந்தால் போடுவார். இல்லாததை, "இந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்" என்று ஊகித்துப் போட அவருக்கு வழியில்லை.

சரி, எதை எழுதவேண்டும்? எல்லா வரியையுமா? இல்லை. இங்கேதான் நம் வகுப்பில் நன்றாகப் படிப்பவர்களே தடுமாறுகிறார்கள். பெருக்கலை நாலு வரி எழுதுகிறார்கள். எந்தச் சூத்திரம், ஏன் அது என்பதை எழுதாமல் விடுகிறார்கள். ஒரு கணக்கில் நீங்கள் மனத்துக்குள் முடிவு எடுக்கும் இடங்கள் மூன்று நாலுதான் இருக்கும். எதை x என்று வைத்துக்கொள்வது, எந்தச் சூத்திரத்தைப் போடுவது, எதை எதற்குச் சமமாக வைப்பது, வந்த இரண்டு விடையில் எதை ஒதுக்குவது. மார்க் அந்த இடங்களில்தான் இருக்கிறது. நடுவில் வரும் கூட்டல் கழித்தலை ஓரத்தில் போட்டுக்கொண்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை. முடிவு எடுத்த இடம் ஒவ்வொன்றும் மட்டும் தாளில் கண்ணுக்குத் தெரியவேண்டும்.

அரையாண்டில் 38-ஆவது கணக்கை எடுத்துக்கொள்வோம். 12, 15, 16, 19, 23 ஆகியவற்றின் மாறுபாட்டுக் கெழு காண்க. இதற்கு நான் பிரித்திருந்தது இப்படி: சராசரிக்கு 1, விலக்கங்களும் வர்க்கங்களும் உள்ள அட்டவணைக்கு 2, திட்ட விலக்கத்துக்கு 1, கெழுவுக்கு 1. பொதுத்தேர்வில் பிரிப்பு கொஞ்சம் மாறலாம், ஆனால் இந்த நான்கு இடங்களும் எங்கேயும் போய்விடாது.

முழு விடை இவ்வளவுதான்:

n = 5, Σx = 85

சராசரி x̄ = Σx / n = 85 / 5 = 17

d = x − x̄ என்க.

d : −5, −2, −1, 2, 6 (Σd = 0)

d² : 25, 4, 1, 4, 36 (Σd² = 70)

திட்ட விலக்கம் σ = √(Σd² / n) = √(70 / 5) = √14 ≈ 3.74

மாறுபாட்டுக் கெழு C.V = (σ / x̄) × 100% = (3.74 / 17) × 100% = 22%

இனி மூன்று தாள்களைப் பாருங்கள். பெயர் சொல்லமாட்டேன். முதல் தாளில் இரண்டே வரி: "σ = 3.74, C.V = 22%". இரண்டும் சரி. ஆனால் அட்டவணை, சராசரி எல்லாம் வினாத்தாளின் ஓரத்தில் பென்சிலில் போட்டிருக்கிறானாம். வினாத்தாள் என்னிடம் வரவில்லையே! கடைசி இரண்டு இடத்துக்கு 2 போட்டேன். அவ்வளவு வேலையும் செய்திருக்கிறான், 3 மார்க்குக்குரிய வேலை வினாத்தாளோடு வீட்டுக்குப் போய்விட்டது.

இரண்டாவது தாளில் விடை தப்பு. (−1)² என்ற இடத்தில் −1 என்று எழுதிவிட்டாள். கூடுதல் 70-க்குப் பதில் 68. ஆனால் அதற்குப் பிறகு ஒரு வரியும் விடவில்லை. 68 / 5 = 13.6 என்று போட்டு, σ ≈ 3.69 என்று கண்டு, கெழு 21.7% என்று முடித்திருக்கிறாள். அவளுடைய 68-ஐ வைத்து நானும் கூடவே போட்டுப் பார்த்தேன். அங்கிருந்து ஒவ்வொரு வரியும் சரி. அட்டவணையில் ஒரு மார்க் போனது, மீதி 4 கிடைத்தது. தப்பு எங்கே நடந்தது என்று என்னால் விரல் வைத்துக் காட்ட முடிந்ததால்தான் அதோடு நிறுத்த முடிந்தது. வெறும் 21.7% என்று மட்டும் எழுதியிருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? பூஜ்யம்தான்.

மூன்றாவது தாள்தான் என்னை யோசிக்கவைத்தது. "σ = 70 / 5 = 14, C.V = 82.4%" என்று இருந்தது. வர்க்கமூலம் போடவில்லை. சூத்திர வரி மேலே இருந்திருந்தால், "சூத்திரம் தெரிகிறது, கைதவறி மூலக்குறியை விட்டுவிட்டான்" என்று புரிந்திருக்கும். சூத்திரமே இல்லாதபோது, இவன் விலக்க வர்க்கச் சராசரியையே திட்ட விலக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறானா, மறந்தானா என்று பிரிக்க முடியாது. சூத்திரத்தை எண்கள் இல்லாமல் முதலில் ஒரு வரி, எண்களைப் போட்டு அடுத்த வரி என்று எழுதச் சொல்வது இதற்காகத்தான். அழகுக்காக இல்லை.

இந்தக் கணக்கில் தப்பைக் கண்டுபிடிக்க இரண்டு எளிய வழிகள் உண்டு. சராசரியிலிருந்து எடுத்த விலக்கங்களைக் கூட்டினால் 0 வரவேண்டும். வராவிட்டால் சராசரி தப்பு, அல்லது ஏதோ ஒரு விலக்கம் தப்பு. அடுத்தது, d² வரிசையில் கழித்தல் குறி வரவே வராது. இரண்டாவது தாள்காரிக்கு அந்த ஒரு பார்வை போதுமாக இருந்திருக்கும். (சராசரி முழு எண்ணாக வராத கணக்கில் ஊகச் சராசரி எடுப்பீர்கள். அங்கே Σd பூஜ்யம் ஆகாது. குழம்பிக்கொள்ளாதீர்கள்.)

அடுத்தது, வாக்கியக் கணக்கு. "ஒரு கார் 240 கி.மீ தூரத்தைச் சீரான வேகத்தில் கடக்கிறது. வேகம் மணிக்கு 20 கி.மீ அதிகமாக இருந்தால் 1 மணி நேரம் குறைவாக ஆகும். காரின் வேகம் என்ன?" இதில் ஒருவன் எழுதியது: "60 × 4 = 240, 80 × 3 = 240. ஆகவே வேகம் 60." கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் இருபடிச் சமன்பாடு பாடத்திலிருந்து வந்த வினாவுக்கு அவன் தாளில் சமன்பாடே இல்லை. அவன் எழுதியது விடையைச் சரிபார்க்கும் வரி. அதைக் கடைசியில் வைத்திருந்தால் அருமையாக இருந்திருக்கும்.

இந்த மாதிரிக் கணக்கில் முதல் மார்க் ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. "காரின் வேகம் மணிக்கு x கி.மீ என்க." இதை எழுதாமல் நேராக 240/x என்று ஆரம்பிக்கிறீர்கள். x என்பது வேகமா, நேரமா? திருத்துபவர்தான் கண்டுபிடிக்கவேண்டும். எழுதியபின் அடுத்த இரண்டு வரி தானாக வரும்:

240 கி.மீ கடக்க ஆகும் நேரம் = 240/x மணி

வேகம் (x + 20) எனில் ஆகும் நேரம் = 240/(x + 20) மணி

கணக்கின்படி, 240/x − 240/(x + 20) = 1

240(x + 20) − 240x = x(x + 20)

x² + 20x − 4800 = 0

(x + 80)(x − 60) = 0

x = −80 அல்லது x = 60

வேகம் குறை எண்ணாக இருக்க முடியாது. ஆகவே x = 60.

காரின் வேகம் மணிக்கு 60 கி.மீ.

'கணக்கின்படி' என்று ஆரம்பிக்கும் வரிதான் இந்த விடையின் உயிர். வினாவில் உள்ள தமிழ் வாக்கியம் அந்த இடத்தில்தான் சமன்பாடாக மாறுகிறது. நம் வகுப்பில் பலர் அந்த வரியைத் திருப்பிப் போட்டுவிட்டீர்கள்: 240/(x + 20) − 240/x = 1. வேகம் கூடினால் நேரம் குறையும், அதனால் 240/(x + 20) தான் சிறியது. சிறியதிலிருந்து பெரியதைக் கழித்து 1 வராது. ஆனால் தேர்வு அவசரத்தில் இது தெரிவதில்லை. பிறகு x² + 20x + 4800 = 0 என்று வரும். காரணி தேடித் தேடிக் கிடைக்காமல், முழுக் கணக்கையும் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டீர்கள்.

அந்தச் சமன்பாட்டில் b² − 4ac என்ன என்று பார்த்திருந்தால், 400 − 19200 என்று வரும். குறை எண். மெய்யான மூலமே கிடையாது. ஓடுகிற காருக்கு வேகம் இல்லாமல் போகுமா? அப்படி வந்தால் காரணியில் தப்பு இல்லை, 'கணக்கின்படி' வரியில்தான் தப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கே போய் எது பெரியது, எது சிறியது என்று மட்டும் பார்த்து மாற்றுங்கள். மேலே எழுதிய x என்க, இரண்டு நேரங்கள், இவை எல்லாம் அப்படியே சரிதான். அதையும் சேர்த்து அடித்ததால் கையில் இருந்த மார்க்கும் போய்விட்டது. அடித்துவிட்டதைத் திருத்துபவர் விடையாக எடுத்துக்கொள்ளமாட்டார். எனவே புதிதாக எழுதி முடிக்கும்வரை பழையதை அடிக்காதீர்கள். அடிப்பதாக இருந்தாலும் தப்பான வரியை மட்டும், ஒரே கோட்டில்.

கடைசி இரண்டு வரிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். x = −80 என்பதை ஏன் விட்டீர்கள் என்று ஒரு வாக்கியம் எழுதாமல், அதன் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போகிறீர்கள். அதுவும் ஒரு முடிவுதானே, காரணம் எழுதுங்கள். x = 60 என்பதோடு நிறுத்தாதீர்கள். வினா x-ஐக் கேட்கவில்லை, வேகத்தைக் கேட்டது. அலகோடு ஒரு வாக்கியம். இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

இப்போது எட்டு மார்க் வரைபடம். இதில் நம் வகுப்பு 8-க்கு 8 வாங்கவேண்டியது. ஏனென்றால் இதில் யோசிக்கவேண்டியது குறைவு, செய்யவேண்டியதுதான் அதிகம். அரையாண்டில் கேட்டது: y = x² − x − 6 இன் வரைபடம் வரைந்து, அதன் மூலம் x² − 2x − 3 = 0 என்ற சமன்பாட்டைத் தீர்க்க.

அட்டவணைக்கு நான் 2 மார்க் வைத்திருந்தேன். x-ஐ −3 முதல் 4 வரை எடுத்தால் y-இன் மதிப்புகள் 6, 0, −4, −6, −6, −4, 0, 6 என்று வரும். முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றே. இருபடிச் சார்பின் வரைபடம் சமச்சீரானது என்பதால் இப்படி அமைகிறது. x-ஐச் சரியான வீச்சில் எடுத்திருந்தால் இந்தச் சமச்சீர் கண்ணில் படும். ஒரே ஓர் எண் மட்டும் பொருந்தாமல் நின்றால் அங்கே கழித்தல் குறியில் பிசகியிருப்பீர்கள். பெரும்பாலும் அது x குறை எண்ணாக இருக்கும் இடம்தான். x = −3 எனில் −x என்பது +3. அதை −3 என்று போட்டவர்களுக்கு 6-க்குப் பதில் 0 வந்தது. அட்டவணையில் x², −x, −6 மூன்றுக்கும் தனித்தனி வரிசை போடச் சொல்வது இதற்காகத்தான். நேராக y மட்டும் எழுதினால் பிசகு எங்கே என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அச்சுகளுக்கும் அளவுத்திட்டத்துக்கும் 1. x அச்சில் 1 செ.மீ = 1 அலகு, y அச்சில் 1 செ.மீ = 1 அலகு என்று கிராஃப் தாளின் வலது மேல் மூலையில் எழுதுங்கள். இதை மறந்தவர்களின் எண்ணிக்கையைச் சொன்னால் உங்களுக்கே வெட்கமாக இருக்கும். புள்ளிகளைக் குறித்து வளைவரை வரைய 2. இதில் ஒரு விஷயம். (0, −6), (1, −6) இரண்டையும் அளவுகோலால் நேர்க்கோடாக இணைத்திருக்கிறீர்கள். வரைபடம் தட்டையான அடியோடு வாளி மாதிரி நிற்கிறது. பரவளையத்துக்குத் தட்டையான அடி கிடையாது. அந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே, x = 0.5 எனும்போது y = −6.25. கொஞ்சம் கீழே இறங்கித்தான் ஏறும். கையால் வளைத்து வரையுங்கள், இங்கே ஸ்கேல் வேண்டாம்.

அடுத்த பகுதியில்தான் முக்கால்வாசிப் பேருக்கு மார்க் போனது. "அதன் மூலம்" என்று வினாவில் இருக்கிறது. நீங்கள் x² − 2x − 3-ஐக் காரணிப்படுத்தி (x − 3)(x + 1) என்று எழுதி x = 3, −1 என்று முடித்துவிட்டீர்கள். விடை சரி. ஆனால் கேட்டது அது இல்லை. வரைந்த வரைபடத்திலிருந்து விடையை எடுக்கவேண்டும். அதற்கு ஒரு கழித்தல் போடுகிறோம்:

y = x² − x − 6

0 = x² − 2x − 3

கழிக்க, y = x − 3

இந்த நேர்க்கோட்டுக்கு ஒரு சிறு அட்டவணை (x = −2, 0, 2 எனில் y = −5, −3, −1), அதே தாளில் அந்தக் கோடு, கோடு வளைவரையை வெட்டும் புள்ளிகள் (−1, −4), (3, 0). கழித்தலுக்கு 1, கோட்டுக்கு 1, தீர்வுக்கு 1. காரணிப்படுத்தியவர்களுக்கு இந்த மூன்றையும் என்னால் போட முடியவில்லை. காரணிப்படுத்துவது தப்பில்லை. ஓரத்தில் போட்டுப் பார்த்து, கோடு அதே இடத்தில் வெட்டுகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கழிக்கும்போது கீழ் வரியின் குறிகள் எல்லாம் மாறவேண்டும். −x இலிருந்து −2x-ஐக் கழித்தால் +x. மாற்ற மறந்தவர்களுக்கு y = −3x − 9 என்று வந்தது. அந்தக் கோட்டை வரைந்தால் அது பரவளையத்தை எங்கேயும் தொடாது. ஒரு பெண் அப்படி வரைந்து, தொடவில்லையே என்று ஸ்கேலைச் சற்றுச் சாய்த்துத் தொடவைத்திருக்கிறாள்! கோடு தொடாமல் போனால் கழித்தலுக்குத் திரும்பிப் போங்கள். ஸ்கேலைச் சாய்க்கவேண்டாம்.

தீர்வு எழுதும்போது (−1, −4), (3, 0) என்று புள்ளிகளை எழுதி நிறுத்தாதீர்கள். அவை வெட்டும் புள்ளிகள். சமன்பாட்டில் y கிடையாது. வெட்டும் புள்ளிகளின் x மதிப்புகளே தீர்வு: x = −1, x = 3. இதையும் ஒரு வரியாக எழுதுங்கள்.

தேற்றங்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. தேல்ஸ் தேற்றமோ, கோண இருசமவெட்டித் தேற்றமோ, பிதாகரஸ் தேற்றமோ வந்தால் கூற்று, படம், கொடுக்கப்பட்டது, நிரூபிக்க, அமைப்பு, நிரூபணம் என்ற வரிசை உங்களுக்கு மனப்பாடம். அதில் 'அமைப்பு' வரியை விட்டுவிட்டு, படத்தில் மட்டும் கோட்டைப் போட்டுவிடுகிறீர்கள். அந்தக் கோடு எங்கிருந்து எங்கே, எதற்கு இணையாக அல்லது செங்குத்தாக என்று எழுதவேண்டும். இரண்டு முக்கோணங்கள் வடிவொத்தவை என்றால், எந்தக் கோணங்கள் சமம் என்ற காரணத்தை அதே வரியின் வலப்பக்கத்தில் எழுதுங்கள்.

முக்கோணவியலில் உயரங்களும் தூரங்களும் கணக்குக்குப் படம் போடாமல் tan 30° என்று ஆரம்பிப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். எந்தக் கோணம், எந்தப் பக்கம் என்பதை அந்தப் படம்தான் சொல்கிறது.

ரஃப் ஒர்க் எங்கே போடுவது என்று நாலு பேர் கேட்டீர்கள். அதே பக்கத்தில், வலது ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுப் பிரித்த இடத்தில். √14-ஐ நீள்வகுத்தலில் கண்டது, 4800-க்குக் காரணி தேடியது எல்லாம் அங்கேயே கிடக்கட்டும். விடையின் எந்த வரியிலிருந்து அது பிறந்தது என்று பக்கத்திலேயே தெரியும். கடைசிப் பக்கத்தில் மொத்தமாகப் போட்டு வைத்தால் எது எந்தக் கணக்குக்கு என்று யாரும் தேடமாட்டார்கள்.

இனி நேரம். தேர்வு 3 மணி நேரம், அதாவது 180 நிமிடம். வினாத்தாள் படிக்கக் கொடுக்கும் நேரம் தனி. என் கணக்கில் ஐந்து மார்க் ஒவ்வொன்றுக்கும் 9 நிமிடம், பத்துக்கு 90. எட்டு மார்க் இரண்டுக்கும் 20, 20 என்று 40. மீதி 50 நிமிடத்தில் ஒரு மார்க், இரண்டு மார்க் வினாக்கள். ஒரு கணக்கு 9 நிமிடத்தைத் தாண்டி இழுத்தால், முடிவு எடுத்த வரிகள் எல்லாம் தாளில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டு, நாலு வரி இடம் விட்டு அடுத்ததற்குப் போங்கள்.

அப்படியும் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு கணக்கு மிச்சமிருந்தால் என்ன செய்வது? 42-ஆவது வினாவாக இது வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம்: "6 செ.மீ ஆரமுள்ள திண்ம உலோகக் கோளம் உருக்கப்பட்டு, 2 செ.மீ ஆரமும் 3 செ.மீ உயரமும் கொண்ட சிறு கூம்புகளாக வார்க்கப்படுகிறது. எத்தனை கூம்புகள் கிடைக்கும்?" அவசரத்தில் எல்லோரும் செய்வது, கோளத்தின் கன அளவைக் காண 22/7-ஐப் போட்டு 4/3 × 22/7 × 216 என்று பெருக்க ஆரம்பிப்பது. ஐந்து நிமிடமும் அதிலேயே தீர்ந்துவிடும், மணி அடிக்கும்போது ஒரு பெருக்கல் மட்டும் பாதியில் நிற்கும். அதற்குப் பதிலாக முதலில் இந்த வரியை எழுதுங்கள்:

கூம்புகளின் எண்ணிக்கை = கோளத்தின் கன அளவு / ஒரு கூம்பின் கன அளவு

= (4/3) πR³ / (1/3) πr²h

= (4 × 6 × 6 × 6) / (2 × 2 × 3)

= 864 / 12

= 72

உருக்கினால் கன அளவு மாறாது என்ற முடிவு முதல் வரியில் இருக்கிறது. இரண்டாவது வரியில் இரண்டு சூத்திரங்களும் இருக்கின்றன. மேலும் கீழும் இருக்கும் π அடிபட்டுப் போகிறது, 1/3-உம் போகிறது. 22/7 தேவையே இல்லை. மூன்றாவது வரியோடு மணி அடித்தால்கூட, மார்க் உள்ள இடங்களில் பெரும்பாலானவை தாளில் ஏறிவிட்டன. போகப்போவது கடைசி விடைக்கு உரியதுதான்.

திங்கட்கிழமை எல்லோரும் அரையாண்டுத் தாளைக் கொண்டு வாருங்கள். 38-ஆவது கணக்கை உங்கள் பக்கத்தில் இருப்பவருடன் மாற்றிக்கொண்டு, மேலே சொன்ன 1, 2, 1, 1 பிரிப்பில் நீங்களே திருத்தவேண்டும். பச்சை பால்பாயிண்ட் பேனா கொண்டு வாருங்கள். சிவப்பு என்னுடையது. நான் போட்ட மார்க்கும் நீங்கள் போட்டதும் எங்கே வேறுபடுகிறது என்று பார்த்துவிட்டு, அந்த வேறுபாட்டை மட்டும் என்னிடம் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்